மாங்குளத்திலிருந்து பண்டாரவளை வரை: வழியில் பழுதாகாத சாப்பாடு

தம்பியின் கலியாண எழுத்துக்கு அக்காவாகிய நான் சாட்சிக் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. பொம்பிளை வீடு பண்டாரவளை. மாங்குளத்தில் விடியப்புறம் பஸ் ஏறி, ஏ9 வீதியால் வவுனியா, மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று கண்டிக்குப் போய், அங்கேயிருந்து பதுளை ரயிலைப் பிடிக்க வேண்டும். ஒரு பிசகும் இல்லாவிட்டால்கூட வீட்டுப் படலையைத் திறந்ததிலிருந்து பொம்பிளை வீட்டு வாசலை மிதிக்கும் வரை பதினைந்து மணித்தியாலம். கூட வந்தது அறுபத்தெட்டு வயது அம்மாவும் ஏழு வயது மகனும். இவர் வேலையால் வர முடியாமல் போக, மூன்று பேருக்கும் நான்தான் பொறுப்பு.

எங்கள் பக்கத்தில் தூரப் பயணம் என்றால் புட்டுத்தான் கட்டுவது. மாமி இரண்டரை மணிக்கே எழும்பி, சிவத்தப் பச்சையரிசி மாவில் புட்டு அவித்து, தேங்காய்ப்பூவை அள்ளிப் போட்டு, பால் விட்ட பருப்புக் கறியும் வெங்காயம் போட்ட பச்சைச் சம்பலும் செய்து தந்தார். எல்லாம் சுடச்சுட எவர்சில்வர் பெட்டியில் போய் மூடியும் இறுக்கியாயிற்று. யாழ்ப்பாணம் போகும்போதும் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் காலங்காலமாக அவர் அப்படித்தான் கட்டித் தருவார். ஒரு நாளும் ஒன்றும் நடந்ததில்லை. அந்தப் பயணங்களில் சாப்பாடு சமைத்து மூன்று நாலு மணித்தியாலத்துக்குள் வயிற்றுக்குள் போய்விடும் என்பதுதான் காரணம் என்று பிறகுதான் விளங்கியது.

மதவாச்சி தாண்டியதும் ஏழு மணிபோல மூன்று பேரும் பாதியைச் சாப்பிட்டோம். நல்ல ருசி. மிச்சம் மத்தியானத்துக்கு. பை, சாரதிக்குப் பக்கத்தில் இருக்கிற எஞ்சின் மூடியின் மேல் மற்றவர்களின் பைகளோடு இருந்தது. நாவுலைக்குக் கிட்ட பஸ் நின்றுவிட்டது. பெல்ட் அறுந்ததாம். மாற்று பஸ் இப்ப வரும், இப்ப வரும் என்று மூன்று மணித்தியாலம் வீதியோரம் நின்றோம். வைகாசி வெயில். பன்னிரண்டரைக்கு மகன் பசியில் அழத் தொடங்க, பெட்டியைத் திறந்தேன். மூடியின் உட்புறம் முழுக்க நீர்த்துளிகள் கோர்த்து நின்றன, சரித்ததும் புட்டின் மேலேயே சொட்டின. மணந்து பார்த்தேன். சம்பலில் மட்டும் மெல்லிய புளிச்ச மணம், அதை எறிந்தேன். புட்டிலும் பருப்பிலும் ஒரு கெட்ட மணமும் இல்லை. அம்மாவும் வாயில் வைத்துப் பார்த்து, “ஒண்டும் இல்லை பிள்ளை, நல்லாத்தான் இருக்கு” என்றார். அவர்கள் இருவரும் சாப்பிட்டார்கள். ரயிலைத் தவற விட்டுவிடுவோம் என்ற பதற்றத்தில் எனக்கு இறங்கவில்லை.

மாற்று பஸ் ஏறி மாத்தளையை நெருங்கும்போது மகன் சத்தி எடுத்தான். பஸ் ஆட்டத்துக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவும் எடுத்தார். பிறகு நிற்கவே இல்லை. நடத்துநர் முகத்தைச் சுளிக்க, பக்கத்துச் சீட்டுக்காரர் எழும்பிப் போக, எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு இறங்கினேன். ஒரு கையில் அம்மா, மற்றக் கையில் பிள்ளை, தோளில் கலியாணச் சீலைகள் உள்ள பை. அழுகை வந்தது. அழ நேரமில்லை. முச்சக்கர வண்டி பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மாவுக்குச் சேலைன் ஏற்றினார்கள், மகனுக்கு ஜீவனி கரைத்துக் கொடுத்தார்கள். வைத்தியத்துக்குக் காசில்லை. ஆனால் அன்றிரவு தங்கிய அறைக்கு 4,500, முச்சக்கர வண்டிக்கு 1,800, கைவிட்டுப் போன ரயில் சீட்டுகள் 2,700, மாற்றுடுப்பு, தண்ணீர் என்று இன்னொரு 1,000. கூட்டிப் பார்த்தால் பத்தாயிரம் ரூபா. எழுத்து முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். சாட்சிக் கையெழுத்தைச் சித்தப்பா போட்டிருந்தார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் அது நெஞ்சுக்குள் நிற்கிறது.

ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த ஒரு இளம் டொக்டர் இருந்தார். காலையில் அதே புட்டை மூன்று பேரும் சாப்பிட்டு ஒன்றும் நடக்கவில்லை, மத்தியானம் சாப்பிட்ட இரண்டு பேருக்கு மட்டும் வந்தது என்று சொன்னதும், “எத்தனை மணிக்குச் சமைச்சது, எப்பிடிக் கட்டினது?” என்றுதான் முதலில் கேட்டார். பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினார். அரிசியிலும் மாவிலும் பசிலஸ் சீரியஸ் என்ற ஒரு கிருமியின் வித்துகள் இருக்கும். அவிக்கிற சூட்டுக்கு அவை சாகாது. சமைத்த பிறகு சாப்பாடு வெதுவெதுப்பாக, ஈரமாக, மூடிக் கிடந்தால் முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை விடும். அந்த நஞ்சுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. திரும்பச் சுட வைத்தாலும் போகாது. சாப்பிட்டு அரை மணியிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் சத்தி தொடங்கும். எங்களுக்கு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் வந்தது.

இதை நான் இவ்வளவு விரிவாக எழுதுவது ஒரு காரணத்துக்காக. “மணந்து பார், பழுதெண்டால் தெரியும்” என்றுதான் எங்கள் எல்லாருக்கும் சொல்லித் தந்திருக்கிறார்கள். தேங்காய்ச் சம்பல் புளித்தால் மணக்கும், பருப்புக்கறி நூலோடினால் கண்ணுக்குத் தெரியும், ரொட்டி பூத்தால் பச்சை பிடிக்கும். அவற்றுக்கு மூக்கும் கண்ணும் போதும். சோறு, புட்டு, இடியப்பத்துக்குப் போதாது. அவற்றுக்கு மணிக்கூடுதான் அளவு. வெளியில் கிடக்கும் சமைத்த சாப்பாட்டுக்குச் சுகாதாரக்காரர் சொல்லும் கணக்கு இரண்டு மணித்தியாலம், வெயில் 32 பாகைக்கு மேலே போனால் ஒரு மணித்தியாலம். வன்னியில் சித்திரையிலிருந்து ஆவணி வரைக்கும் அநேகமாக எல்லா மத்தியானமும் அந்தக் கணக்குத்தான். நடைமுறையில் நாங்கள் எல்லாரும் அதைத் தாண்டித்தான் சாப்பிடுகிறோம். ஆனால் பத்து மணித்தியாலத்துக்குக் கிட்ட மூடிக் கிடந்து, எஞ்சின் சூட்டின் மேலும் இருந்த புட்டு வேறு விஷயம். எஞ்சின் மூடி அடுப்பளவு சுடாது, தொட்டால் இளஞ்சூடுதான். கிருமிக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. சாப்பாட்டுப் பையை அதன் மேல் வைக்க விடாதீர்கள், வெயில் படுகிற யன்னல் ஓரத்திலும் வைக்காதீர்கள். காலடியில், நிழலில் வையுங்கள்.

ஊருக்கு வந்த பிறகு மாமியும் நானும் இருந்து யோசித்தோம். மாமிக்கு மனவருத்தம், தன் கையால் கொடுத்த சாப்பாடு என்று. அவருடைய கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை, பயணம்தான் நீண்டது என்று சொல்லித்தான் அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டு போனேன். மாமியின் தாய் கதிர்காமத்துக்கு நடந்து போன காலத்தில் என்ன கொண்டு போனார்கள் என்று கேட்டேன். புழுக்கொடியல், அவல், பொரிமா, வறுத்த இடிசம்பல் என்று ஒன்றொன்றாக வந்தது. எல்லாம் தண்ணீர் வற்றிய சாமான். ஈரம் இல்லாத இடத்தில் கிருமி பெருகாது. அவர்கள் அதைப் படித்துச் செய்யவில்லை, பட்டுச் செய்தார்கள்.

ஆடி மாதம் அதே பாதையால் பொம்பிளை வீட்டாரைப் பார்க்கப் போக வேண்டி வந்தது. அந்தப் பயணத்துக்குக் கட்டியதை அப்படியே சொல்கிறேன், உங்கள் ஆட்கணக்குக்கு ஏற்றமாதிரி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை மூன்று வேளையாகப் பிரித்தோம். காலைக்கு மாமியின் புட்டேதான், ஆனால் மூன்று மணிக்கு அவித்து, ஆறரைக்குள் முடிக்கிற அளவு மட்டும். தேங்காய்ப்பூ குறைவு, சம்பல் இல்லை, தொட்டுக்கொள்ளச் சீனியும் கதலி வாழைப்பழமும். எஞ்சினால் பிள்ளை எவ்வளவு கேட்டாலும் மத்தியானத்துக்கு வைப்பதில்லை என்று வீட்டிலேயே முடிவு எடுத்துவிட்டோம். பயணத்தில் பசியோடு நின்று முடிவெடுத்தால் மனம் இளகிவிடும்.

மத்தியானத்துக்கு ரொட்டியும் வறுத்த இடிசம்பலும். இதுதான் முக்கியமான பகுதி. எங்கள் வழக்கமான ரொட்டிக்குத் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் போடுவோம். அந்த மூன்றும்தான் ரொட்டியை ஈரமாக்கிக் கெடுப்பது, மூன்றையும் விட்டோம். அரைக் கிலோ கோதுமை மாவுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, நாலு மேசைக்கரண்டி நல்லெண்ணெய். எண்ணெயை மாவில் முதலில் நன்றாகப் பிசிறிவிட்டு, பிறகு சுடுதண்ணி விட்டுக் குழைத்தோம். அரை மணித்தியாலம் மூடி வைத்து, பத்து உருண்டையாக்கி, மெல்லிசாகத் தட்டினோம். தடித்த ரொட்டி நடுவில் வேகாமல் ஈரமாக நிற்கும், அங்கேதான் பழுது தொடங்கும். தாச்சியில் மிதமான நெருப்பில், இரண்டு பக்கமும் வெள்ளை மா தெரியாமல் பொட்டுப் பொட்டாகச் சிவக்கும் வரைக்கும் சுட வேண்டும். நடுவில் விரலால் அமத்திப் பார்த்தால் பிசுபிசுப்பு இருக்கக் கூடாது.

சுட்ட ரொட்டியை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் சுளகில் தனித்தனியாகப் பரப்பி, மெல்லிய வெள்ளைத் துணியால் மூடி ஆற விட வேண்டும். முக்கால் மணித்தியாலமாவது வேண்டும். கையின் பின்பக்கத்தை வைத்துப் பார்த்தால் சூடே தெரியக் கூடாது. அதற்குப் பிறகுதான் துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பது. இதற்கு நேரம் ஒதுக்காவிட்டால் மற்ற எல்லாப் பாடும் வீண். நாலரை பஸ்ஸுக்கு மூன்று மணிக்கு ரொட்டி சுட்டால் ஆறாது. அதனால் ரொட்டியை முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கே சுட்டு ஆற வைத்தோம், விடியப்புறம் புட்டு மட்டும். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் தண்ணியாகி ரொட்டிக்கே திரும்பி வரும். கட்டி அரை மணித்தியாலத்தில் ஒருக்காத் திறந்து மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். ஒரு துளி வியர்த்திருந்தாலும் ரொட்டி இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம். துடைத்து, மறுபடி பரப்ப வேண்டும்.

சம்பலுக்கு, அரைத் தேங்காயைத் திருவி, எண்ணெய் விடாமல் தாச்சியில் சின்ன நெருப்பில் வறுத்தோம். முதலில் ஆவி வரும், பிறகு பொன்னிறமாகும், அங்கே நிறுத்திவிடாதீர்கள். கையில் எடுத்து நசித்தால் மொறுமொறு என்று நொருங்க வேண்டும். எங்களுக்கு இருபது நிமிசம் பிடித்தது. அதே தாச்சியில் பத்துச் செத்தல் மிளகாயும் ஒரு பிடி கறிவேப்பிலையும் தனியே வறுத்து, கொட்டை எடுத்த பாக்களவு பழப்புளியையும் நன்றாகக் காயும்வரை சூடு காட்டி, உப்புச் சேர்த்து உரலில் இடித்தோம். தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை, வெங்காயம் இல்லை. ஈரமில்லாத சின்னப் போத்தலில் அடைத்து, எடுக்க ஒரு காய்ந்த கரண்டியும் கூட வைத்தோம். ஈரக் கரண்டியோ சாப்பிட்ட கையோ உள்ளே போனால் அன்றோடு முடிந்தது. பஸ்ஸில் மகனுக்கு ரொட்டியைப் பிய்த்து, சம்பலைத் தூவிச் சுருட்டிக் கொடுத்தேன், ஒரு துளிகூடச் சிந்தாமல் சாப்பிட்டான். அன்றைக்குச் சுட்ட ரொட்டிபோல மெதுமையாக இருக்காது, கொஞ்சம் இறுகியிருக்கும். அம்மாவுக்குத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுத்தேன். பயணத்துக்கு மறுநாள் காலை வரை இந்த ரொட்டியை நம்பலாம். அதற்கு மேல் நான் வைப்பதில்லை.

பயணத்துக்குக் கிழமை ஒன்றுக்கு முன்பே இதே ரொட்டியையும் சம்பலையும் கட்டி, குசினித் தட்டில் பயண நேரம் முழுக்க வைத்துத் திறந்து பார்த்திருந்தோம். முதல் தடவை ரொட்டி வியர்த்திருந்தது, தடிப்பும் கூட. அதில்தான் மெல்லிசாகத் தட்ட வேண்டும் என்று கண்டோம். நீங்களும் ஒருக்கா வைத்துப் பாருங்கள். ஆனால் இந்தச் சோதனை ரொட்டிக்கும் சம்பலுக்கும்தான் சரி. சோற்றை இப்படி வைத்து, மணம் வரவில்லை என்று நம்ப வேண்டாம்.

சிலர் புளிச்சோறு கொண்டு போகலாமே என்று கேட்கிறார்கள். பழப்புளியின் புளிப்புக் கிருமியைப் பிடித்து வைக்கும் என்பது உண்மைதான், வெறுஞ்சோற்றையும் பால்கறியையும்விட எவ்வளவோ மேல். ஆனால் புளி எல்லாப் பருக்கையிலும் ஊற வேண்டும், சோறு உதிரியாக ஆறியிருக்க வேண்டும், கைப்படாமல் அகப்பையால் கிளற வேண்டும். நான் காலையில் கட்டினால் மத்தியானத்தோடு முடித்துவிடுவேன். இரவுக்கு வைக்கும் துணிவு எனக்கு இல்லை, ஒருமுறை கண்டதே போதும். சூடாகவே வேண்டும் என்பவர்கள் வாய் அகன்ற பிளாஸ்க்கில் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை ஊற்றிக்கொண்டு போகலாம். திறக்கும்போது வாயில் வைக்க முடியாத சூடு இருக்க வேண்டும். இளஞ்சூட்டுக்கு வந்துவிட்டிருந்தால் அதுவும் புட்டுப் பெட்டிதான்.

மூன்றாவது வேளைக்கு அடுப்புச் சாமானே இல்லை. அரைக் கிலோ அவல், சீனி, பயத்தம் உருண்டை கொஞ்சம், ஒரு கட்டுப் புழுக்கொடியல். அவலை ரயிலில் கோப்பையில் போட்டு, கொதித்தாறிய தண்ணீர் தெளித்து, ஐந்து நிமிசம் விட்டுச் சீனியும் வாழைப்பழமும் பிசைந்தால் சாப்பாடு. நனைத்ததை நனைத்த உடனேயே முடித்துவிட வேண்டும். மிச்ச அவல் காய்ந்தபடி அப்படியே இருக்கும். பயணம் எவ்வளவு நீண்டாலும் கவலையில்லை, பஸ் இன்னொருமுறை நின்றாலும் கவலையில்லை. பயத்தம் உருண்டைக்குப் போடும் தேங்காய்ப்பூவையும் சம்பலுக்குச் சொன்னதுபோல மொறுமொறுப்பாக வறுத்தே போட வேண்டும், பச்சையாகப் போட்டால் இரண்டாம் நாளே காறல் எடுக்கும். அம்மாவுக்குப் புழுக்கொடியலைக் கடிக்கப் பல் இல்லை, அவருக்கு இடித்துச் சீனி கலந்து போத்தலில் எடுத்துப் போனோம்.

வழியில் வாங்குவதைப் பற்றியும் ஒரு சொல். தோலோடு இருக்கும் பழம், கண்முன்னே வெட்டும் இளநீர், கொதிக்கக் கொதிக்க ஊற்றும் தேத்தண்ணி, எண்ணெயிலிருந்து அப்போதுதான் தூக்கும் வடை, இவற்றுக்கு நான் பயப்படுவதில்லை. வெட்டி வைத்த பழமும், காலையில் கட்டி மத்தியானம் விற்கும் சோற்றுப் பார்சலும் வாங்குவதில்லை. அந்தப் பார்சல் எத்தனை மணிக்குக் கட்டியது என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று, பையில் எப்போதும் ஜீவனி இரண்டு பக்கெற்றும் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலும் தனியாக வைக்கிறேன், குடிக்கிற தண்ணீர் வேறு. பக்கெற்றில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஜீவனி கிடைக்காவிட்டால், ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால் போதும், உப்பு அதற்கு மேல் கூடவே கூடாது. சத்தி எடுத்த பிள்ளைக்கு ஒரே மூச்சில் குடிக்கக் கொடுத்தால் அதையும் எடுத்துவிடும். பத்து நிமிசம் விட்டு, ஒரு தேக்கரண்டி, இரண்டு மூன்று நிமிசம் கழித்து இன்னொரு தேக்கரண்டி என்று கொடுக்க வேண்டும். மாத்தளையில் தாதி சொல்லித் தந்தபடி, தங்கிய அறையில் அப்படித்தான் இரவிரவாகக் கொடுத்தேன். பிள்ளை சலம் போகாமல் சோர்ந்து தூங்கித் தூங்கி விழுந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, குடித்தது எதுவும் நிற்காவிட்டாலோ, பயணத்தை விட்டு இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரயில் சீட்டைப் பார்க்க வேண்டாம்.

ஆடியில் கண்டிக்கு நேரத்துக்கே போய்ச் சேர்ந்து ரயிலையும் பிடித்தோம். திரும்பி வரும் அன்று மச்சாள் சோறும் கோழிக்கறியும் பொலித்தீனில் சுற்றிக் கட்டித் தர வெளிக்கிட்டா. புதுச் சொந்தம், மறுத்தால் மனம் நோகும். “மச்சாள், அதை இஞ்சயே ஒண்டா இருந்து சாப்பிட்டிட்டுப் போவம், வழிக்கு எங்களுக்கு உங்கட கையால வெறும் ரொட்டி சுட்டுத் தாங்கோவன்” என்றேன். ஏன் என்று கேட்டா, மாத்தளைக் கதையைச் சொன்னேன். பிறகு இரண்டு பேருமாக இருந்து மாவைக் குழைத்தோம்.